அரிக்குதுன்னு சொன்னா போதாது, காட்டணும். காட்ட வந்தா நாங்க பார்க்கணும்

சாப்பிட்டுக்கிட்டே போன் பார்க்கிறவங்க முடிச்சிட்டு வாங்க. இது கொஞ்சம் நீளமான த்ரெட். விஷயம் ஆசனவாய் அரிப்பு. ஆமா, வெளிக்குப் போற இடத்துல வர்ற அரிப்புதான்.

ஓபி-ல இதை யாரும் நேரடியா சொல்றதில்ல. "காய்ச்சல் சார்", "முட்டி வலி சார்"ன்னு ஆரம்பிச்சு, சீட்டை வாங்கிக்கிட்டு எழுந்து, கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "சார், இந்த மூலத்துக்கும் ஏதாச்சும் ஒரு ஆயின்மென்ட் எழுதிடுங்க"ன்னு சொல்வாங்க. மூலம்னு யார் சொன்னாங்கன்னு கேட்டா, யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்களே முடிவு பண்ணினது. நம்ம ஊர்ல இடுப்புக்குக் கீழ, பின்பக்கம் எது வந்தாலும் அதுக்குப் பேர் மூலம். அரிச்சா மூலம், ரத்தம் வந்தா மூலம், வலிச்சா மூலம், கட்டி தட்டுப்பட்டாலும் மூலம். பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ஒட்டியிருக்கிற நோட்டீஸும் அதையேதான் சொல்லுது.

இந்த த்ரெட்ல நான் சண்டை போடப் போறது அந்த ஒரு வார்த்தையோட. அதை நம்பி பார்க்காமலே க்ரீம் வாங்கறவங்களோட, பார்க்காமலே விக்கிறவங்களோட, முக்கியமா பார்க்காமலே எழுதற எங்களோட. எங்களைக் கடைசியா வெச்சிருக்கேன், தப்பிக்க விடமாட்டேன்.

முதல்ல ஒரு கேஸ். ஆளை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன். 38 வயசு, தனியார் பஸ் டிரைவர். எட்டு மாசமா அரிப்பு. ராத்திரி தூக்கம் இல்ல. பகல்ல வண்டி ஓட்டும்போது சீட்டுல நெளிஞ்சுக்கிட்டே இருக்கார். சிக்னல்ல நின்னா கண்டக்டர் பார்க்கிறாரோன்னு வெக்கம். மூலம்னு முடிவு பண்ணி காரத்தை விட்டார், கோழிக்கறியை விட்டார், கருணைக்கிழங்கு சாப்பிட்டார். சரியாகல.

அடுத்து, "சுத்தம் பத்தல"ன்னு அவருக்குத் தோணியிருக்கு. இங்கதான் கதை கெட ஆரம்பிக்குது. ஒவ்வொரு தடவை வெளிக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவினார். அரிப்பு கூடிச்சு. கிருமியா இருக்கும்னு ஆன்டிசெப்டிக் லோஷனைத் தண்ணில கலந்து கழுவினார். எரிஞ்சுது. எரிஞ்சா கிருமி சாகுதுன்னு அர்த்தம்னு நினைச்சிக்கிட்டார். ராத்திரி கை பொறுக்கற சூட்டுல வெந்நீர் ஊத்தினார். வெந்நீர் ஊத்தற அந்த அஞ்சு நிமிஷம் சொர்க்கம், அடுத்த ரெண்டு மணி நேரம் நரகம்னு அவரே சொன்னார். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை கழுவற அளவுக்குப் போயிட்டார்.

ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரி. ஆசனவாயைச் சுத்தி இருக்கிற தோல் மடிப்பு மடிப்பா, மெல்லிசா, எப்பவும் கொஞ்சம் ஈரமா இருக்கும். அதுமேல இயற்கையா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கு. அதுதான் வேலி. மலத்துல செரிமான நொதிகளும் பாக்டீரியாவும் இருக்கு. துளியூண்டு மலம் தோல்ல தங்கினாலே அரிக்கும். ஆனா வேலி நல்லா இருந்தா தாங்கிக்கும். சோப்பு அந்த வேலியைக் கரைச்சிடுது. நம்ம குளியல் சோப்புல பெரும்பாலானது காரத்தன்மை உள்ளது, தோலுக்குத் தேவை லேசான அமிலத்தன்மை. வேலி போன தோல்ல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அதுல மலமும் வேர்வையும் இறங்கும், அரிக்கும். அரிச்சதும் நீங்க என்ன நினைக்கிறீங்க? "இன்னும் சுத்தமாகல." மறுபடியும் சோப்பு. சொறியறீங்க, நகம் பட்டு இன்னும் வெடிக்குது. இந்தச் சக்கரத்துல மாட்டினவங்க பலரும் அழுக்கா இருக்கிறவங்க இல்ல. தேவைக்கு மேல சுத்தம் பார்க்கிறவங்க.

இதுல நமக்கே உரிய ஒரு பிரச்சனையும் இருக்கு. "நாம தண்ணி ஊத்திக் கழுவறவங்க, வெள்ளைக்காரன் மாதிரி பேப்பர்ல துடைக்கறவங்க இல்ல"ன்னு நமக்கு ஒரு பெருமை. பெருமை நியாயம்தான். வெறும் தண்ணியை விட அந்தத் தோலுக்கு நல்லது வேற எதுவும் இல்ல. ஆனா கழுவினதும் என்ன பண்றோம்? ஈரத்தோட அப்படியே ஜட்டியை ஏத்திக்கிட்டு வெளிய வந்துடறோம். சித்திரை வெயில்ல, நைலான் கலந்த ஜட்டி, அதுமேல ஜீன்ஸ், அதுல எட்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை. தோல் ஊறிப் போகும், தண்ணில ரொம்ப நேரம் வெச்ச விரல் வெளுத்துச் சுருங்கற மாதிரி. ஊறின தோல் எளிசா கிழியும். நாம கழுவறதுல குறை இல்ல. துடைக்காததுலதான் இருக்கு.

டிரைவருக்கு வருவோம். சோப்பு பலிக்கலன்னதும் மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க"ன்னு கேட்டார். எந்த இடத்துலன்னு கடைக்காரர் கேட்கல, இவரும் சொல்லல. வந்தது ஒரே ட்யூப்ல மூணு நாலு மருந்து கலந்த க்ரீம். பூஞ்சைக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, கூடவே குளோபெட்டசால். இந்தக் குளோபெட்டசால் தோல்ல பூசற ஸ்டீராய்டுகள்லயே மிகவும் வீரியமான வகை. தடிச்சுப் போன சொரியாசிஸ் தோலுக்கு, தோல் டாக்டர் பார்த்து, நாள் கணக்கு சொல்லிக் குடுக்க வேண்டிய மருந்து. மெல்லிசான மடிப்புத் தோல்ல, ரெண்டு பக்கமும் மூடி இருக்கிற இடத்துல பூசினா, மத்த இடத்தை விட பல மடங்கு உள்ள போகும்.

ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுது. அதுதான் வலை. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், காரணத்தைத் தொடாது. ட்யூப் தீர்ந்ததும் அரிப்பு இன்னும் வேகமா திரும்பி வரும். மறுபடி ட்யூப். சில வாரத்துல தோல் காகிதம் மாதிரி மெலிசாகும், லேசா தொட்டாலே ரத்தம் கசியும். பூஞ்சை இருந்தா ஸ்டீராய்டு அதுக்குச் சோறு போட்டு வளர்க்கும், ஆனா தோற்றம் மாறிப் போறதால பூஞ்சைன்னு அடையாளமே தெரியாது. 2018-லயே தோல்ல பூசற ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு ஷெட்யூல் எச்-ல சேர்த்தாச்சு. உங்க தெரு முனைக் கடைல போய் கேட்டுப் பாருங்க, சீட்டு கேக்கறாங்களான்னு.

"சரி டாக்டர், நான் ஸ்டீராய்டு வாங்கல, மூலத்துக்கான ஆயின்மென்ட்தான் போடறேன்"னு சிலர் சொல்வீங்க. அதுலயும் பல ட்யூப்ல மரத்துப் போக வைக்கிற மருந்து இருக்கு. அந்த வகை மருந்தும், க்ரீம்ல சேர்க்கிற நியோமைசினும் ஒவ்வாமை கொடுக்கிறதுல பேர் போனவை. அரிப்புக்குப் பூசின மருந்தே அரிப்பைக் கொடுக்கும். பூசப் பூச அதிகமாகுதுன்னா, நோய் முத்தலன்னு முதல்ல சந்தேகப்படுங்க, மருந்து ஒத்துக்கல. வாசனை போட்ட ஈர டிஷ்யூவும் இதே கணக்குதான். குழந்தைக்கு ஆகும்னு போட்டிருந்தாலும் சரி.

டிரைவருக்கு நாங்க என்ன பண்ணினோம்? முதல்ல பார்த்தோம். சுத்தியும் தோல் சிவந்து, மெலிசாகி, நகக் கீறல்கள். கட்டி இல்ல, புண் இல்ல, மூலமும் இல்ல. சர்க்கரை பார்த்தோம், சரியா இருந்துது. அப்புறம் எழுதிக் கொடுத்த சீட்டுல மருந்தை விட 'நிறுத்து'தான் அதிகம்.

சோப்பு, லோஷன், டிஷ்யூ, பவுடர், வெந்நீர், வீட்ல இருக்கிற அத்தனை ட்யூப், மஞ்சள் வேப்பிலை அரைச்சுப் பூசறது எல்லாம் நிறுத்து. வெளிக்குப் போனதும் வெறும் தண்ணி, இல்லன்னா வெதுவெதுப்பான தண்ணி. கையால மென்மையா கழுவினா போதும், விரலை உள்ள விட்டுத் தேய்க்க வேண்டாம். ஹெல்த் ஃபாசெட்டை முழு வேகத்துல திறந்து அடிக்கவும் வேண்டாம். அதுக்கப்புறம்தான் முக்கியமான வேலை: பழைய வேட்டித் துணியைச் சின்னச் சின்னதா கிழிச்சு வெச்சுக்கிட்டு, ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுக்கணும். தேய்க்கக் கூடாது. ஒரு நிமிஷம் காத்தாட விடணும். அப்புறம் சிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிசா ஒரு பூச்சு. அது மருந்து இல்ல, போன வேலிக்குத் தற்காலிகமா போடற முள்வேலி. கிடைக்கலன்னா வாசனை இல்லாத வெறும் வாசலைன் போதும்.

இவர் டிரைவர், வேர்க்கும். அதனால வேலைக்குப் போகும்போது பட்டாணி அளவு பஞ்சை உருட்டி, உள்ள திணிக்காம, ஆசனவாய் ஓரத்துல மடிப்புக்குள்ள வைக்கச் சொன்னோம். ஈரத்தை அது உறிஞ்சிக்கும். மதியம் ஒரு தடவை மாத்தணும். காட்டன் ஜட்டி, ஒரு சைஸ் பெருசு. வீட்ல கைலி மட்டும். நகத்தை ஒட்ட வெட்டு. தூக்கத்துல சொறியறது நம்ம கட்டுப்பாட்டுல இல்ல, அதனால முதல் வாரம் ராத்திரி கையில காட்டன் சாக்ஸ் மாட்டிக்கிட்டுத் தூங்கச் சொன்னோம். சிரிச்சார், ஆனா செஞ்சார். தூக்கம் வரவைக்கிற அரிப்பு மாத்திரையைப் பொதுவா சில நாளைக்குக் கொடுப்போம். இவர் விடியக்காலை வண்டி எடுக்கிறவர், அதனால கொடுக்கல.

மலத்தைப் பத்தியும் கேட்டோம். ஒரு நாளைக்கு மூணு தடவை, அரையும் குறையுமா இளக்கமா போகுதுன்னார். அப்படிப் போனா முழுசா காலியாகாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமா கசியும். மலச்சிக்கலுக்கு மட்டும்தான் இசப்கோல்னு நினைக்காதீங்க. இளக்கமான மலத்தையும் அது கட்டியாக்கி ஒரே தடவைல வெளியேத்தும். ராத்திரி ஒரு ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணியோட. டீ, காபியை ரெண்டு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொன்னோம். காபி ஆசனவாய்ச் சுருக்குத் தசையைக் கொஞ்சம் தளர்த்தும், கசிவு கூடும். எல்லாருக்கும் இது பொருந்தாது. நிறுத்திப் பார்த்து வித்தியாசம் இல்லன்னா மறுபடி குடிச்சுக்கோங்க. காரமும் அப்படித்தான். காரத்தைப் பழி சொல்லி ஆறு மாசம் தயிர்சாதம் சாப்பிடறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும்.

வீரியமான ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டு நிறுத்தினா முதல் வாரம் மோசமாத்தான் இருக்கும். அதை முன்னாடியே சொல்லிட்டோம். அதுக்காக மட்டும் ஒரு சதவீத ஹைட்ரோகார்டிசோன், அதாவது வீரியம் மிகக் குறைஞ்ச ஸ்டீராய்டு, ஒரு வாரத்துக்கு மட்டும். மூணாவது வாரம் வந்தார். ராத்திரி தூக்கம் வந்துடுச்சு. ஆறாவது வாரம் பார்த்தப்போ தோல் கிட்டத்தட்ட பழைய மாதிரி. மொத்தச் செலவு, அவர் ஏற்கனவே வாங்கிப் போட்ட ட்யூப்ல பாதி கூட இல்ல.

எல்லாருக்கும் இந்தக் கதைதான்னு சொல்லல. ராத்திரி படுத்ததும் மட்டும் அரிச்சு, வீட்ல ஒரு குழந்தையும் அடியைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தா, கீரிப்பூச்சியை நினைங்க. ராத்திரிதான் பெண் புழு வெளிய வந்து தோல்ல முட்டை போடும். அல்பெண்டசால் 400 மில்லிகிராம் ஒரே வேளை, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒரு வேளை. ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேக்காம கொடுக்காதீங்க. வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிடணும். குழந்தைக்கு மட்டும் கொடுத்துட்டு "மருந்து கேக்கல"ன்னு வர்றவங்கதான் அதிகம். சுத்திச் சிவந்து, ஓரத்துல சின்னச் சின்ன புள்ளிகளோட இருந்தா பூஞ்சை, உடனே சர்க்கரையைப் பாருங்க. சொரியாசிஸ், கரப்பான், பௌத்திரத்துல இருந்து கசியற சீழ், ஆசனவாய் வெடிப்பு, நிஜமான மூலம், எல்லாமே அரிக்கும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. எதுன்னு சொல்ல ஒரே வழி, விளக்கைப் போட்டுப் பார்க்கறது.

இப்போ எங்க பக்கம்.

ரெண்டாவது கேஸ். 56 வயசு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போறவங்க. என் ஓபி-க்கு வந்தப்போ காலைல பன்னிரண்டு மணி, வெளிய இன்னும் முப்பது பேர். "மூலத் தொந்தரவு தம்பி, ஒரு வருஷமா இருக்கு, இப்போ அரிப்பு தாங்கல"ன்னாங்க. ரத்தம் வருதான்னு கேட்டேன். "எப்பவாச்சும் துளி வரும் தம்பி, மூலம்னா வரும்தானே"ன்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன். பக்கத்துல ஸ்க்ரீன் இல்ல, நர்ஸ் ஊசி போடற ரூம்ல. நான் பார்க்கல. ஒரு ஆயின்மென்ட், ஒரு மலமிளக்கி எழுதி அனுப்பிட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷம்.

அஞ்சு மாசம் கழிச்சு மறுபடி வந்தாங்க. உட்கார முடியல. இந்தத் தடவை பார்த்தேன். ஆசனவாய் ஓரத்துல ஒரு ரூபாய்க் காசை விட பெரிய புண், விளிம்பு தடிச்சு, தொட்டா கல்லு மாதிரி. வலது தொடை இடுக்குல நெறி கட்டியிருந்துது. அந்த நொடி நான் எழுதின பழைய சீட்டு அவங்க பைக்குள்ள மடிச்சு இருந்துது. எடுத்துக் காட்டி, "நீங்க குடுத்த மருந்தைத்தான் தம்பி போட்டேன்"னாங்க. குத்திக் காட்டிச் சொல்லல. நல்ல பிள்ளையா மருந்து போட்டதைச் சொன்னாங்க.

பயாப்ஸி ரிசல்ட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. ஆசனவாய்ப் புற்றுநோய்.

பயப்படாம படிங்க. இது அபூர்வமான நோய். ஒரு லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு வந்தாலே அதிகம். அரிப்பு மட்டும் இருக்கிறவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்களுக்கு இது இல்ல. மூலம் முத்தி கேன்சரா மாறாது. ஆனா மூலம் இருக்கிறவங்களுக்குத் தனியா இதுவும் வரலாம், அறிகுறிகள் ஒண்ணு மாதிரியே இருக்கும். அதனாலதான் "எனக்கு மூலம்"ங்கிற முடிவு ஆபத்து. அது வலிக்கிற பதில் இல்ல, ஆறுதல் தர்ற பதில், அதனால யாரும் அடுத்த கேள்வி கேக்கறதில்ல.

பெரும்பாலான ஆசனவாய்ப் புற்றுக்குக் காரணம் எச்பிவி வைரஸ், குறிப்பா 16-ஆம் வகை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கும் அதேதான். அதனால கர்ப்பப்பை வாயில புற்றோ, அதுக்கு முந்தைய மாற்றமோ வந்து வைத்தியம் பார்த்தவங்க, எச்ஐவி இருக்கிறவங்க, சிறுநீரகம் மாத்திக்கிட்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறவங்க, ஆணோட உறவு வெச்சுக்கிற ஆண்கள், ரொம்ப நாள் புகைபிடிக்கிறவங்க, இவங்களுக்கு வாய்ப்பு மத்தவங்களை விட கூட. இதுல ஏதாவது உங்களுக்கு இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. நல்லொழுக்கத்துக்கு மார்க் போட நாங்க கேக்கல. எவ்வளவு கவனமா தேடணும்னு தெரிஞ்சுக்கத்தான். அந்த அம்மாவுக்கு இதுல எதுவுமே இல்ல, எச்ஐவி டெஸ்ட்டும் நெகட்டிவ். அதனால "நான் அந்த லிஸ்ட்ல இல்ல"ன்னும் நிம்மதியா இருந்துடாதீங்க.

எப்போ இதை நினைக்கணும்? அரிப்போட ஒரு கட்டியோ, கல்லு மாதிரி தடிப்போ விரல்ல தட்டுப்பட்டா. ரத்தம் வந்தா, துளியா இருந்தாலும், முக்கியமா 40 வயசுக்கு மேல. ஆறாத புண் இருந்தா. வலி நாளுக்கு நாள் கூடினா. சீழோ சளி மாதிரியோ கசிஞ்சா, மலத்தை அடக்க முடியாம போனா. தொடை இடுக்குல நெறி கட்டினா. மலம் போற பழக்கமே மாறினா, மெலிஞ்சுக்கிட்டே போனா. அந்த மாதிரி இருக்கிறப்போ நான் மேல சொன்ன துணி, பஞ்சு வைத்தியமெல்லாம் செஞ்சுக்கிட்டுக் காத்திருக்காதீங்க, அந்த வாரமே போங்க.

இன்னொண்ணு, இதுதான் டாக்டர்களே தவற விடறது. கட்டி இல்ல, ரத்தம் இல்ல, வெறும் சிவந்த திட்டு, பார்க்க கரப்பான் மாதிரி. ஒழுங்கா சோப்பை நிறுத்தி, ஈரம் துடைச்சு, ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகியும் அதே இடத்துல அதே திட்டு அப்படியே இருக்குன்னா, அதுக்குப் பேர் "பிடிவாதமான அரிப்பு" இல்ல. தோலோட மேல் அடுக்குலயே தங்கியிருக்கிற ஆரம்ப கட்டப் புற்று அப்படித்தான் இருக்கும், பேஜெட்ஸ்னு ஒரு நோயும் அப்படித்தான் இருக்கும். மரத்துப் போற ஊசி போட்டு, அரிசி அளவு தோல் எடுத்து பயாப்ஸி அனுப்பணும். அந்த இடத்துல க்ரீமை மாத்தி மாத்தி எழுதறது வைத்தியம் இல்ல, தள்ளிப் போடறது.

அம்மாவை மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். "மலப்பாதையை அடைச்சு வயித்துல பை வெச்சிடுவாங்களா தம்பி"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்துது. 1974-ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல நார்மன் நிக்ரோன்னு ஒரு சர்ஜன், ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டியைச் சுருக்கலாம்னு கீமோவையும் ரேடியேஷனையும் சேர்த்துக் கொடுத்தார். ஆபரேஷன் பண்ணிப் பார்த்தா சிலருக்குப் புற்றே மிச்சம் இல்ல. அங்கிருந்துதான் இன்னைக்கு இருக்கிற வைத்தியம் வளர்ந்துது. இப்போ பெரும்பாலானவங்களுக்கு முதல் வைத்தியம் கத்தி இல்ல, சுமார் ஆறு வாரம் ரேடியேஷன், கூடவே கீமோ. ரொம்பச் சின்னதா, ஓரத்துல மட்டும் இருந்தா அதை மட்டும் வெட்டி எடுத்தாலே சில சமயம் போதும். பரவாத கட்டத்துல கண்டுபிடிச்சா பத்துல எட்டு பேர் அஞ்சு வருஷம் தாண்டறாங்க. நெறி கட்டின பிறகு அந்த எண்ணிக்கை குறையும்.

அம்மா ஆறு வாரத்தையும் முடிச்சாங்க. எளிசா இல்ல. அந்த இடத்துத் தோல் வெந்து போச்சு, வெளிக்குப் போறதுக்கே அழுதாங்க. முடிஞ்ச உடனே பார்த்துப் புற்று போயிடுச்சா இல்லையான்னு சொல்ல முடியாது, ஆறு மாசம் வரைக்கும் அது சுருங்கிக்கிட்டே இருக்கும். ஆறாவது மாசம் பார்த்தப்போ புண் இருந்த இடத்துல தழும்பு மட்டும். இப்போ ஒன்றரை வருஷம் ஆச்சு, பை இல்ல, நூறு நாள் வேலைக்கு மறுபடி போறாங்க. செக்கப் இன்னும் தொடருது. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி நான் பார்த்திருந்தா அது சின்னக் கட்டியா இருந்திருக்குமா, நெறி கட்டறதுக்கு முன்னாடி பிடிச்சிருப்பேனா? எனக்குத் தெரியாது. தெரியாம போனதுக்குக் காரணம் நான்.

என் கூட வேலை பார்க்கிற டாக்டர்கள் இதைப் படிச்சா கோவப்படுவாங்க. "ஒரு காலைல நூறு பேர் பார்க்கிறோம், ஸ்க்ரீன் இல்ல, பெண் உதவியாளர் இல்ல, எப்படிப் பார்க்கறது"ன்னு. எல்லாம் உண்மை. அதே ஓபி-ல நெஞ்சு வலின்னு வந்தா ஈசிஜி எடுக்காம அனுப்பறோமா? நேரம் இல்லாமதான் பார்க்கலன்னா, எழுதாதீங்க. "நாளைக்கு சர்ஜரி ஓபி-க்கு வாங்க"ன்னு அனுப்புங்க. பார்க்காத இடத்துக்கு மருந்து எழுதறதுதான் தப்பு, ஏன்னா அந்தச் சீட்டைப் பார்த்ததும் நோயாளி "டாக்டர் பார்த்துட்டார்"னு நம்பிடறாங்க. அந்த அம்மா அஞ்சு மாசம் வராம இருந்ததுக்கு அந்த நம்பிக்கைதான் காரணம். நான் கையெழுத்து போட்டுக் கொடுத்த நம்பிக்கை.

பரிசோதனைன்னா என்னன்னு தெரியாமதான் நிறைய பேர் பயப்படறீங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, முழங்காலை மடக்கி வயித்துப் பக்கம் வெச்சுக்கணும். மேல துணி போர்த்தியிருப்பாங்க. டாக்டர் பிட்டத்தை விலக்கி வெளிச்சத்துல தோலைப் பார்ப்பார். கையுறை போட்டு, ஜெல்லி தடவி, ஒரு விரலை உள்ள விட்டுச் சுத்தித் தடவிப் பார்ப்பார். வெளிக்கு வர்ற மாதிரி ஒரு உணர்வு இருக்கும், அவ்வளவுதான். ரொம்ப வலிச்சா சொல்லுங்க, நிறுத்திட்டு வேற வழி பார்ப்போம். தொடை இடுக்கையும் தொட்டுப் பார்க்கணும். மூணு நிமிஷ வேலை. தேவைப்பட்டா சின்னக் குழாய் விட்டு உள்ளேயும் பார்ப்பாங்க. பெண்கள் பெண் டாக்டரைக் கேக்கலாம். ஆண் டாக்டர்தான் இருக்கார்னா கூட ஒரு நர்ஸ் நிக்கணும்னு கேக்கலாம். அது உங்க உரிமை, யாரும் முகம் சுளிக்கக் கூடாது. டாக்டர் நிமிர்ந்து பார்க்காம சீட்டு எழுத ஆரம்பிச்சா, "ஒரு தடவை பார்த்துட்டு எழுதுங்க சார்"னு சொல்லுங்க. எங்களுக்கு அந்த நிமிஷம் எரிச்சலா இருக்கும். பரவாயில்ல.

இந்த த்ரெட் போட்டதும் இன்பாக்ஸ்ல போட்டோ வரும்னு தெரியும், போன தடவை படர்தாமரை பத்தி எழுதினப்போ வந்த மாதிரி. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. போட்டோல சிவப்பு தெரியும், கல்லு மாதிரி இருக்கா மெத்துன்னு இருக்கான்னு தெரியாது. அதுக்கு விரல் வேணும். பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரி சர்ஜரி ஓபி என்னைக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க. சோப்பு போடாம, வெறும் தண்ணில கழுவி, துடைச்சிட்டுப் போங்க. களிம்பு எதுவும் பூசாம போங்க, பூசிட்டு வந்தா கீழ இருக்கிற தோல் எங்களுக்குத் தெரியாது. இதுவரைக்கும் போட்ட ட்யூப் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, தீர்ந்து போன ட்யூபா இருந்தாலும்.